சூட்கேஸில் வைக்கவேண்டிய புத்தகம் அது இல்லை

போன வருடம் செப்டெம்பரில் இங்கிலாந்துக்கு வெளிக்கிடும்போது எனக்கு விமானத்தில் கிடைத்தது 30 கிலோ. அதில் கிட்டத்தட்ட ஒரு கிலோவை ஒரேயொரு புத்தகம் பிடித்துக்கொண்டது. ஏபிஏ பப்ளிகேஷன் மனுவல், ஏழாம் பதிப்பு, நானூறு பக்கத்துக்கு மேல். "அங்க முதல் வருசம் எல்லாரும் அடிபடுறது ரெஃபரன்ஸிங்கிலதான். கள்ளமா எழுதினனி எண்டு சொல்லிப் பிடிச்சிடுவாங்கள். இதை மட்டும் கொண்டு போ" என்று ஊரில் ஒரு அண்ணா சொன்னதை நம்பி, கொழும்பில் தேடி வாங்கினது. அதுக்கு இடம் விடுறதுக்காக அம்மா மிளகாய்த்தூள் பை ஒன்றை வெளியில எடுத்து வைச்சா.

வந்து இரண்டாம் கிழமை தெரிந்தது, என்னுடைய துறையில் ஏபிஏ பாவிக்கிறதே இல்லை, ஹாவார்ட் முறைதான் என்று. அது சின்ன விசயம். பெரிய விசயம் டிசெம்பரில் வந்தது.

முதலாவது கட்டுரை, 1500 சொல். பஞ்சங்கள் உணவுத் தட்டுப்பாட்டால்தான் வருகின்றனவா என்பது கேள்வி. நான் மேற்கோள் அடைப்புக்குறி ஒன்றையும் விடவில்லை. பின்னால் இருந்த நூற்பட்டியலில் ஒரு காற்புள்ளி பிழையில்லை. ஆனாலும் மின்னஞ்சல் வந்தது: கல்வி நேர்மை தொடர்பாகச் சந்திக்க வரவும். அன்றிரவு நித்திரையே இல்லை. விசா, காசு, அப்பா எடுத்த கடன் எல்லாம் தலைக்குள்ள ஓடிச்சுது.

அந்தச் சந்திப்பில் விரிவுரையாளர் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என்னுடைய பந்தி. மற்றது நான் படித்த பாடநூலின் பந்தி. மஞ்சள் நிறத்தால் கோடு போட்டிருந்தார். "நீர் எங்கேயிருந்து எடுத்தீர் என்று சொல்லியிருக்கிறீர். அது சரி. ஆனால் இந்தப் பந்தியை எழுதியது நீரா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. முதல் தடவை, முதலாம் வருடம் என்றபடியால் திருப்பி எழுதச் சொன்னார்கள். எவ்வளவு நல்லா எழுதினாலும் சித்தி எல்லையான 40க்கு மேல் புள்ளி இல்லை.

இந்த வருடம் வெளிக்கிடப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்ல வாறது இதுதான்: ரெஃபரன்ஸிங் புத்தகம் உங்களைக் காப்பாற்றாது. அது "யாரிட்ட எடுத்தனி?" என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "இதில உன்ர எழுத்து எது?" என்ற கேள்விக்கு அதிடம் பதில் இல்லை. நாங்கள் மாட்டுப்படுறது இரண்டாவது கேள்வியில். அதுக்கு வேற புத்தகம் இருக்கு.

முதலில், ரெஃபரன்ஸிங் எவ்வளவு சின்ன வேலை என்று பார்ப்பம். அமர்த்தியா சென் 1981இல் எழுதிய பஞ்சம் பற்றிய புத்தகத்தை இரண்டு முறையிலும் எழுதினால் இப்படி வரும். முதலாவது ஹாவார்ட், இரண்டாவது ஏபிஏ.

```
Sen, A. (1981) Poverty and famines: an essay on entitlement and deprivation. Oxford: Clarendon Press.
Sen, A. (1981). Poverty and famines: An essay on entitlement and deprivation. Clarendon Press.
```

வித்தியாசம் என்ன? வருடத்துக்குப் பிறகு ஒரு புள்ளி, உபதலைப்பில் ஒரு பெரிய எழுத்து, பதிப்பித்த ஊர். இரண்டிலும் புத்தகத்தின் பெயரைச் சாய்வெழுத்தில் போடவேணும். அவ்வளவுதான். இதை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, பார்த்து எழுதலாம்.

இன்னொன்று, ஹாவார்டுக்கு ஏபிஏ மாதிரி ஒரு அதிகாரபூர்வக் கையேடு கிடையாது. 1881இல் ஹாவார்டில் இருந்த எட்வர்ட் லோரன்ஸ் மார்க் என்ற விலங்கியலாளர் தன்னுடைய ஆய்வுக்கட்டுரையில் ஆசிரியர் பெயரையும் வருடத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டார். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் வந்த பெயர்தான் ஹாவார்ட். அதனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன்ர பாட்டுக்கு ஒரு ஹாவார்ட் வைச்சிருக்கு. இங்கிலாந்தில் கனபேர் பின்பற்றுவது பியர்ஸ், ஷீல்ட்ஸ் இருவரும் எழுதிய 'சைட் தெம் ரைட்'. நல்ல புத்தகம். ஆனால் பல பல்கலைக்கழக நூலகங்கள் அதன் இணையப் பதிப்புக்குச் சந்தா கட்டி வைத்திருக்கின்றன. மாணவர் கணக்கால் உள்நுழைந்தால் இலவசம். உங்களுடைய துறை என்ன முறை கேட்கிறது என்று தெரியமுதல் எந்தக் கையேட்டையும் காசு குடுத்து வாங்காதேங்கோ. என்னுடைய ஏபிஏ இப்ப மடிக்கணினிக்குக் கீழ உயரத்துக்கு வைச்சிருக்கு.

இனி அந்த மஞ்சள் கோட்டுக்கு வருவம். நான் செய்ததுக்கு ஒரு பெயர் இருக்கு. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியை 1990களில் அதைப் 'பேட்ச்ரைட்டிங்' என்று சொன்னார். ஒட்டுப்போட்டு எழுதுறது என்று நாங்கள் சொல்லலாம். மூலத்தின் வசனத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சில சொல்லை வெட்டி, சில சொல்லுக்கு ஒத்த சொல்லைப் போட்டு, இலக்கணத்தைக் கொஞ்சம் மாற்றுவது. இதைக் களவு என்று மட்டும் பார்க்கவேண்டாம், புதிய துறையின் மொழியைப் படிக்கிறவர்கள் கடந்து போகிற ஒரு கட்டம் என்பது அவருடைய வாதம். ஆனால் பல்கலைக்கழக விதிகள் எல்லாம் அவ்வளவு இரக்கமானவை இல்லை.

என்ன நடந்தது என்று காட்டுகிறேன். இது ஆங்கிலத்தில் நடந்த விசயம். விளங்குவதற்காகத் தமிழில், நானே அமைத்த வசனங்களால் சொல்கிறேன். பாடநூலில் இப்படி இருந்தது என்று வையுங்கோ:

"1943இல் வங்காளத்தில் உணவு உற்பத்தி பேரழிவு எனச் சொல்லுமளவுக்கு வீழ்ச்சியடையவில்லை. ஆனால் அரிசி விலை கூலியை விட வேகமாக உயர்ந்ததால், நிலமற்ற தொழிலாளர்கள் அதை வாங்கும் சக்தியை இழந்தனர்."

நான் எழுதினது இது:

"1943இல் வங்காளத்தில் உணவு விளைச்சல் பேரழிவு என்று கூறுமளவுக்குக் குறையவில்லை. எனினும் அரிசி விலை சம்பளத்தை விட விரைவாக அதிகரித்ததால், காணியற்ற கூலியாட்கள் அதை வாங்கும் வலுவை இழந்தார்கள் (Sen, 1981)."

சொல் மாறியிருக்கு. எலும்புக்கூடு மாறவில்லை. எந்தத் தகவல் முதலில், எது "ஆனால்"க்குப் பிறகு, எங்கே வசனம் முடிகிறது என்று எல்லாமே பாடநூலாசிரியர் எடுத்த முடிவு. நான் செய்தது தையல்காரன் வேலை கூட இல்லை, பொத்தான் மாத்தின வேலை.

இதில் இரண்டாவது பிழையும் ஒளிந்திருக்கு. நான் சென்னைப் படிக்கவே இல்லை. சென்னைப் பற்றிச் சொன்ன பாடநூலைத்தான் படித்தேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் சென்னைப் போட்டேன், பெரிய பெயர் என்றபடியால். "சென்னில் எந்தப் பக்கம்?" என்று விரிவுரையாளர் கேட்டபோது முழுசினேன். மூலத்தைப் பார்க்காமல் இன்னொருவர் வழியாக எடுத்தால் அதை அப்படியே சொல்லவேணும்: சென், இன்னார் எழுதியதில் காட்டப்பட்டபடி என்று. நூற்பட்டியலில் போகவேண்டியது நீங்கள் உண்மையில் கையில் எடுத்த புத்தகம்.

நான் ஏன் அப்படி எழுதினேன்? சோம்பலால் இல்லை. பத்துப் பதின்மூன்று வருடமாக எனக்குப் புள்ளி கிடைத்ததே அப்படி எழுதித்தான். ஏ.எல்லுக்கு ரியூசனில் சேர் தந்த நோட்ஸை எவ்வளவு கிட்டவாகத் திருப்பி எழுதுகிறோமோ அவ்வளவு நல்லது. சொந்தமாக எழுதினால் "பொயின்ற் விடுபட்டுப் போச்சு" என்பார்கள். பொயின்ற் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே விடைத்தாளைத் திருத்துகிறவர் பொயின்ற் வந்திருக்கா என்று மட்டும் பார்ப்பதில்லை, அந்தப் பொயின்றை வைத்து நீ என்ன செய்தாய் என்றும் பார்க்கிறார். இந்த மாற்றத்தை ஒருவரும் வாயால் சொல்லித் தருவதில்லை. முதல் கிழமை அறிமுக வகுப்பில் "பிளேஜரிசம் கூடாது" என்று ஒரு ஸ்லைட் போடுவினம். கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். எப்படி எழுதுறது என்பதுதான் தெரியாது.

திருப்பி எழுதுவதற்கு இரண்டு கிழமை தந்தார்கள். நூலகத்தில் சென்னின் புத்தகத்தை எடுத்தேன். வங்காளப் பஞ்சத்துக்கு அதில் ஆறாம் அத்தியாயம் முழுவதும் இருக்கு. படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பிறகு ஊரில இருக்கிற தங்கச்சிக்கு ஃபோன் எடுத்து, அவளுக்கு விளங்கிற மாதிரித் தமிழில் சொன்னேன். "அரிசி இல்லாததால சாகேல்லயடி, அரிசி வாங்கக் காசு இல்லாததாலதான்." அவள் கேட்டாள், "அப்ப அரிசி ஆரிட்ட இருந்தது?" அந்தக் கேள்வியிலிருந்து என்னுடைய பந்தி தொடங்கியது:

"பஞ்சம் வருவதற்குச் சந்தையில் அரிசி இல்லாமற்போகத் தேவையில்லை என்பது சென்னின் வாதம். வங்காளத்தில் மோசமாகப் பாதிக்கப்பட்டோர் கூலியை நம்பி அரிசியை வாங்கவேண்டியிருந்தவர்கள் என்பதை அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார் (Sen, 1981). அவருடைய உற்பத்திக் கணக்கைப் பின்னர் மறுத்தவர்களும் உண்டு. ஆயினும், விளைச்சல் புள்ளிவிபரத்தை மட்டும் பார்த்துப் பஞ்சத்தை முன்கூட்டி அறியலாம் என்ற நம்பிக்கையை அவரது வாதம் பலவீனப்படுத்துகிறது."

அதே தகவல்தான். ஆனால் இப்போது எது சென்னுடையது, எது எதிர்ப்பக்கத்தினுடையது, எது என்னுடையது என்று வாசிக்கிறவருக்குத் தெரியும். அந்த மூன்றாம் வசனத்துக்கு, மறுத்தவர் யார் என்று இன்னொரு மேற்கோளைத் தேடிப் போடவேண்டியும் வந்தது. கடைசி வசனத்துக்கு மேற்கோள் இல்லை, அது நான் எடுத்த முடிவு.

தமிழில் சொல்லிப் பார்ப்பது எங்களுக்கு மட்டும் கிடைத்த ஒரு வசதி. ஆங்கில வசனத்தின் எலும்புக்கூடு தமிழுக்குள் நுழையும்போதே உடைந்துவிடும். எங்கட வினைச்சொல் கடைசியில் வருகிறதால் பழைய ஒழுங்கு தங்காது. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கு. ஆங்கிலக் கல்வி எழுத்தில் "இருக்கலாம்", "என்று தோன்றுகிறது", "பெரும்பாலும்" என்ற மாதிரித் தயக்கச் சொற்கள் நிறைய. வாயால் சொல்லும்போது நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு "இதுதான் காரணம்" என்று அடித்துச் சொல்லிவிடுவோம். அதனால் எழுதி முடித்தபிறகு புத்தகத்தைத் திரும்பத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவேணும். ஆசிரியர் தயங்கிய இடத்தில் நாங்களும் தயங்கியிருக்கிறோமா? துறைக்குரிய கலைச்சொல்லை மட்டும் மாற்றக்கூடாது. சென் 'என்டைட்டில்மென்ட்' என்று ஒரு சொல்லை ஒரு குறிப்பிட்ட அர்த்தத்தில் பாவிக்கிறார். அதற்கு ஒத்த சொல் தேடப் போனால் அர்த்தமே போய்விடும்.

இந்த வேலையைப் பழக்குகிற புத்தகம்தான் வாங்கவேண்டிய புத்தகம். எனக்கு உதவியது ஸ்டீபன் பெய்லி எழுதிய 'அகாடமிக் ரைட்டிங்: எ ஹாண்ட்புக் ஃபோர் இன்டர்நேஷனல் ஸ்டூடன்ட்ஸ்'. தலைப்பே எங்களுக்குத்தான். அலுப்பான புத்தகம், பொய் சொல்லேல்ல. ஆனால் அதில் சுருக்கி எழுதுவதற்கும் வேறு சொல்லில் எழுதுவதற்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு, பயிற்சியும் விடையும் உண்டு. முன்பக்கத்திலிருந்து கடைசி வரை வாசிக்கத் தேவையில்லை. அந்த இரண்டு பகுதியையும் மட்டும் எடுத்து, நாளுக்கு ஒரு பயிற்சி செய்து, விடையோடு ஒப்பிட்டால் காணும். விடை உங்களுடையதைப் போல இருக்காது, இருக்கவும் கூடாது. உங்களுடைய வசனம் மூலத்தின் ஒழுங்கிலேயே போகிறதா என்று மட்டும் பாருங்கோ.

இரண்டாவது, கிராஃப், பிர்க்கென்ஸ்டைன் எழுதிய 'தே சே / ஐ சே'. 2006இல் வந்த அமெரிக்கப் புத்தகம். "அவர்கள் சொல்கிறார்கள், நான் சொல்கிறேன்" என்பதுதான் முழு விசயமும். மற்றவர் கருத்தை எப்படி அறிமுகப்படுத்துவது, எப்படி ஒத்துக்கொண்டே விலகுவது என்று வசன அச்சுகளைத் தந்திருக்கிறார்கள். முதலில் வாசித்தபோது இது வெள்ளைக்காரரின் பழக்கம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், தொல்காப்பியத்தில் "என்ப", "என்மனார்" என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அது என்ன? எனக்கு முன் இருந்தவர்கள் இப்படிச் சொல்கிறார்கள் என்பதுதானே. எங்கட உரையாசிரியர்களும் முந்தியவரின் கருத்தை எடுத்துச் சொல்லி, பிறகு மறுத்து எழுதினவர்கள்தான். இந்தப் பழக்கம் எங்கட மரபில் இருக்கு. எங்கட ரியூசன் கொட்டிலில்தான் இல்லை.

இந்த அச்சுகளுக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லாப் பந்தியும் ஒரே அச்சில் தொடங்கினால் வாசிக்கிறவர் உடனே கண்டுபிடிப்பார். நூலகத்தில் எடுத்து ஒருதரம் வாசித்தால் போதும், வாங்கத் தேவையில்லை. வசனத் தொடர்கள் தேவையென்றால் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜோன் மோர்லி தொகுத்த 'அகாடமிக் ஃப்ரேஸ்பாங்க்' இணையத்தில் இலவசமாக இருக்கு. மாஸ்டர்ஸ் செய்ய வாறவர்களுக்கு ஸ்வேல்ஸ், ஃபீக் எழுதிய புத்தகம் பொருந்தும். முதலாம் வருடத்துக்கு அது கொஞ்சம் பாரம்.

பழைய புத்தகம் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எழுதப் பழக்குகிற புத்தகத்தின் பழைய பதிப்பைத் தயங்காமல் வாங்குங்கோ. வசனம் எழுதுற முறை ஐந்து வருடத்தில் மாறாது. ரெஃபரன்ஸிங் கையேட்டின் பழைய பதிப்பை வாங்காதேங்கோ. ஏபிஏ ஆறாம் பதிப்பில் பதிப்பித்த ஊர் கேட்டார்கள். ஏழாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். பழையதைப் பார்த்து எழுதினால் ஒவ்வொரு வரியும் பிழை.

கடைசியாக டேர்னிட்டின் பற்றி, ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்கிறது "எத்தனை வீதத்துக்குக் கீழ இருக்கவேணும்?" என்று. அந்த இலக்கம் களவைக் காட்டுகிற இலக்கம் இல்லை. உங்களுடைய சொற்றொடர்கள் வேறு எங்காவது இருக்கின்றனவா என்று மட்டும்தான் அது காட்டும். மேற்கோள் குறிக்குள் போட்ட வசனமும் நூற்பட்டியலும் சேர்ந்தே கணக்கில் ஏறலாம். என்னுடைய கட்டுரை 14 வீதம். அறைத் தோழனுடையது 27. அவனை ஒருவரும் கூப்பிடவில்லை, ஏனென்றால் அவனுடைய நிறமெல்லாம் நூற்பட்டியலிலும் கேள்வித் தலைப்பிலும். என்னுடைய நிறம் ஒரு பந்திக்குள், ஒரே மூலத்திலிருந்து, துண்டு துண்டாக. ஒவ்வொரு மூன்று நான்கு சொல்லுக்கும் இடையில் நிறமில்லாத ஒரு சொல். அதுதான் நான் பொத்தான் மாத்தின இடம். இலக்கத்தைப் பாராதேங்கோ, நிறம் எங்கே எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கோ. வீதத்தைக் குறைக்க இன்னும் நான்கு பொத்தானை மாத்தினால் கருவி விட்டுவிடலாம். மூலத்தைப் படித்த விரிவுரையாளர் விடமாட்டார்.

எல்லாம் மாணவரின் பிழை என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் உள்நாட்டு மாணவரை விடக் கூடக் காசு வாங்கிக்கொண்டு, ஒரு ஸ்லைட்டோடு முடிக்கிற பல்கலைக்கழகங்கள் அந்த முதல் கட்டுரையைத் தண்டனை இல்லாத பயிற்சியாக வைக்கவேணும். அது நடக்கும் வரைக்கும் எங்கட பாட்டை நாங்கள்தான் பார்க்கவேண்டியிருக்கு.

ஓகஸ்டில் வெளிக்கிட இருக்கிறவர்களிடம் நேரம் இருக்கு. புத்தகத்துக்குப் பதிலாக ஒரு பழக்கத்தைக் கொண்டு போங்கோ. ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பந்தியை வாசித்து, மூடிவைத்து, வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லி, பிறகு பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுதி, திரும்பத் திறந்து ஒப்பிடுங்கோ. ஒரு நாளைக்கு ஒரு பந்தி. மிச்ச இடத்தில் மிளகாய்த்தூளை வையுங்கோ. அதைத்தான் இங்கே நூலகத்தில் எடுக்க ஏலாது.